இயங்க மறுக்கும் எஞ்சின்

பெற்றோலில் இயங்கும் எஞ்சின் எதுவாயினும், தோட்டத்து நீர்ப்பம்பியோ மோட்டார் சைக்கிளோ, இயங்கத் தொடங்குவதற்கு நான்கினை வேண்டி நிற்கின்றது: வளி, எரிபொருள், தீப்பொறி, நெருக்கல். இவற்றுள் நெருக்கல் என்பது, உருளையினுள் வந்த வளியையும் பெற்றோல் ஆவியையும் முசலம் மேலெழுந்து சிறிய இடத்துள் அழுத்துதலாகும். பட்டறைகளில் இதனைக் கொம்பிரஷன் என்பர். எஞ்சின் இயங்க மறுக்குமாயின் இந்நான்கனுள் ஒன்றேனும் இல்லை, அல்லது போதாது என்று கொண்டு தேடலைத் தொடங்கலாம்.

நான்கினையும் மனனஞ் செய்தல் எளிது. ஆயினும் அவற்றை ஒவ்வொன்றாக வரிசையிற் சோதித்துச் செல்வோர் வீணே நேரத்தை இழப்பர். ஒரே சோதனையால் இரண்டினையோ மூன்றினையோ ஐயப்பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதிலேயே இம்முறையின் பயன் தங்கியுள்ளது. அதற்கு முதற் சாட்சியாக அமைவது தீப்பொறி தரும் பிளக். எஞ்சினைப் பலமுறை சுழற்றியபின் அதனைக் கழற்றிப் பார்த்தால், அதன் முனை ஈரமாக இருக்கும், அல்லது உலர்ந்திருக்கும். உலர்ந்திருப்பின் எரிபொருள் உருளைக்கு வந்து சேரவில்லை என ஐயுறலாம். ஈரமாக இருப்பின் எரிபொருள் வந்துள்ளது. குறை ஏனைய மூன்றில் உள்ளது.

வலிகாமத்தில் எனது மாமாவின் வெங்காயத் தோட்டத்தில் நிகழ்ந்ததொன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மாரி முழுவதும் கொட்டிலிற் கிடந்த நீர்ப்பம்பி, மழை ஓய்ந்து நீரிறைக்க வேண்டிய முதல் நாளிலேயே இயங்க மறுத்தது. அடுத்த நாளும் அவ்வாறே. பாத்திகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. புதிய காபரேற்றர் வாங்குவதெனவும், அதற்காகத் தோட்டச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுப்பதெனவும் மாமா முடிவு செய்திருந்த வேளையில், அயலிலுள்ள எஞ்சின் திருத்துநர் ஒருவர் வந்தார். அவர் முதலிற் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஓரிடத்திற் கயிறு தடைப்பட்டு, அதனைத் தாண்டியதும் இளகியது. நெருக்கல் உண்டு என்பதற்கு அத்தடையே அடையாளம். (இலகுவாகச் சுழற்றுவதற்கென வால்வைச் சிறிது திறந்துவைக்கும் பொறிமுறை உள்ள எஞ்சின்களில் இத்தடை குறைவாகவே தோன்றும்.) பின்னர் பிளக்கைக் கழற்றினார். அது உலர்ந்திருந்தது.

"பிளக் காய்ஞ்சு கிடக்கு, தம்பி. ஒரு சொட்டுப் பெற்றோல் கொண்டு வாரும்" என்றார்.

அரைத் தேக்கரண்டியளவு பெற்றோலைப் பிளக் துளையினூடாக உருளையினுள் விட்டு, வெளியிற் சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மீண்டும் பூட்டிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு மூன்று முறை முழங்கி ஓய்ந்தது. பார்த்து நின்றோருக்கு அது தோல்வியாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் முடிவு தெளிந்தது அக்கணத்திலேயாம். வளி புகாமலோ, தீப்பொறி பாயாமலோ, நெருக்கல் இல்லாமலோ அந்த முழக்கம் எழுந்திராது. ஆகவே மூன்று ஐயங்கள் ஒருங்கே நீங்கின. எரிபொருளின் வழி ஒன்றே எஞ்சியது.

அவ்வழியையும் அவர் தாங்கியிலிருந்து கீழ்நோக்கியே தொடர்ந்தார். தாங்கி மூடியிலுள்ள சிறு வளித்துளை அடைபட்டால் பெற்றோல் இறங்காது, அது திறந்திருந்தது. குழாயைக் கழற்றியபோது பெற்றோல் தடையின்றி ஓடியது. காபரேற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தின் வடிதிருகை இளக்கியபோது அங்கிருந்தும் பெற்றோல் வடிந்தது. மிதவையும் அதன் ஊசியும் தம் கடமையைச் செய்தன என்பது பெறப்பட்டது. எனவே கிண்ணத்துக்கும் உருளைக்கும் இடையிலுள்ள ஜெற் எனப்படும் நுண்துளையே அடைபட்டிருத்தல் வேண்டும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஒளி தெரியவில்லை. மாரி மாதங்களிற் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் போக, எஞ்சிய பிசின் அத்துளையை மூடியிருந்தது. மின்கம்பியிலிருந்து உருவிய செம்பிழை ஒன்றினால் அதனை நீக்கினார். உருக்கு ஊசியைப் பயன்படுத்தினால் பித்தளைத் துளை அகன்றுவிடும். பின்னர் எஞ்சின் மிகையாகப் பெற்றோல் குடிக்கும். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இயங்கியது. மாமாவின் பணம் பெட்டியிலேயே இருந்தது.

எரிபொருள் உண்டா என்ற வினாவின் உட்பொருள், அது ஆவியாக உண்டா என்பதேயாகும். திரவப் பெற்றோல் எரிவதில்லை. எரிவது வளியோடு கலந்த அதன் ஆவியே. திணிவின் அடிப்படையில், ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு வளி வேண்டும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் இவ்வுண்மையைத் தெருவிலேயே கையாண்டனர். பெற்றோல் கிடையாமையால் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஆயின் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய ஆவியைத் தராது. அதனால் சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டே எஞ்சினை எழுப்பினர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயே போதுமாயிற்று.

இனி, பிளக் ஈரமாயிருக்கும் நிலையை நோக்குவோம். வளிவடியில் அழுக்கு நிறைந்தால் அல்லது சோக் மூடியபடி இருந்தால் பெற்றோல் மிகுந்து பிளக் நனையும். புகைபோக்கியுட் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் பழைய வளி வெளியேறாது. புதிய வளி புகாது. இவை இல்லையெனின், பிளக்கைத் துடைத்து அதன் உடலை எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்து, பெற்றோல் ஆவி வரும் துளைக்கு அப்பால் பிடித்துச் சுழற்றித் தீப்பொறியைப் பார்க்கலாம். பொறி இல்லையென்றவுடன் மின்சுருளைப் பழித்தல் கூடாது. இக்காலச் சிறு எஞ்சின்கள் பலவற்றில், உராய்வெண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் ஆளி உண்டு. எண்ணெய் மட்டத்தை முதலிற் பார்ப்பதே முறை. மேலும், வெளியிற் பாயும் பொறி உள்ளேயும் பாயும் என்பது உறுதியன்று. அமுக்கம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவை. மங்கிய செந்நிறப் பொறி வெளியிற் பாய்ந்தும், நெருக்கப்பட்ட கலவையினுள் அடங்கிப்போகலாம்.

கயிறு தடையின்றி வந்தால் நெருக்கல் இல்லை. பிளக் துளையினூடாகச் சிறிது உராய்வெண்ணெய் விட்டு மீண்டும் இழுக்கும்போது தடை திரும்புமாயின் முசல வளையங்கள் தேய்ந்துள்ளன. எண்ணெய் அவ்விடைவெளியை நிரப்பியதாலேயே தடை திரும்பியது. திரும்பாவிடின் வால்வுகளை நோக்குக. நால்வருள் இந்நெருக்கலே பிந்தி வந்தது என்பது வரலாற்றுச் சுவையுடையது. 1860 இல் லெனுவார் அமைத்த வாயு எஞ்சின் நெருக்கலின்றியே ஓடியது. 1876 இல் ஒட்டோவின் நாலடிப்பு எஞ்சினே அதனைத் திறம்படப் பயன்கொண்டது.

நான்கும் இருந்தும் எஞ்சின் எழாத நிலையும் உண்டு. இழுத்த கயிறு கையை வெடுக்கென உள்ளே பறித்தாலோ, காபரேற்றரின் வாயால் வெடித்தாலோ, தீப்பொறி உரிய கணத்தில் வரவில்லை என ஐயுறலாம். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரெனத் தடைப்பட்டு நின்றபின் இது நேருமாயின், பறப்புச் சில்லைச் சுழல்தண்டில் நிலைநிறுத்தும் மென்னுலோகச் சாவி வெட்டுண்டிருத்தல் கூடும். சில்லு ஒரு சிறிது நழுவினாலே போதும், பொறி முந்தியோ பிந்தியோ வரும். சில்லைக் கழற்றி அச்சாவியைக் கண்ணாற் பார்த்தாலன்றி இக்குறை வெளிப்படாது.