மூன்றாவது ஜாப் ஷீட்

மொரப்பூரில் ரயிலேறி, சேலம் சர்வீஸ் சென்டருக்கு மூன்றாவது தடவை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மதர்போர்டு இரண்டு முறை மாற்றியாயிற்று. சார்ஜர் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

"இன்னொரு போர்டு போட்டுத் தர்றோம் சார்."

"வேணாம் தம்பி, புதுசு கொடுங்க."

பழைய ஷீட் ஒன்றில் 'ஆன் ஆகவில்லை', மற்றதில் வெறும் 'செக்கப்'. இப்படி எழுதினால் ஒரே கோளாறு திரும்புவது காகிதத்தில் தெரியாது. இம்முறை 'அதே பழுது, மூன்றாம் முறை' என்று எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவின்படி மாற்றுப் பொருளோ பணமோ தரச்சொல்லி ஆணையம் உத்தரவிடலாம். கவுன்ட்டர் தம்பியிடம் சட்டம் பேசி என்ன பயன்? மூன்று ஷீட்டையும் இணைத்து நிறுவனத்துக்கு மெயில் போட்டாயிற்று. மசியாவிட்டால் நான் குடியிருக்கும் தருமபுரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய கடை சென்னையில் இருந்தாலும் சரி.