இரண்டு தரம் ஊற்றிய பால்

கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கிராமத்துப் பால் சங்கங்களின் கணக்கை இரவோடிரவாகத் திரட்டும் டேட்டா பைப்லைன் ஒன்றின் வரைவைப் பரிசீலித்த நாளன்று, உடனிருந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. காலையும் மாலையும் உறுப்பினர் ஊற்றும் பாலை அளந்து சீட்டு கொடுக்கும் இயந்திரம் அவ்விவரத்தைக் கோப்பாக அனுப்ப, அதிகாலை 2 மணிக்கு ஒரு ஜாப் அக்கோப்புகளை எடுத்து மையத் தரவுதளத்தில் ஏற்றுகிறது; பத்து நாளைக்கொரு முறை நடக்கும் பட்டுவாடாவுக்கு ஆதாரம் அதுவே.

வரைவை எழுதிய இளைஞர் படத்தை வெள்ளைப் பலகையில் வரைந்து முடித்ததும், பரிசீலிக்க வந்த அம்மையார் வெகு நிதானமாக, "தம்பி, இந்த ஜாப் பாதியில் நின்று மறுபடி ஓடினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். முன்பு ஏறிய வரிகள் இன்னொரு தரமும் ஏறும் என்பது இளைஞருக்கு உடனே விளங்கிவிட்டது. "சங்கம், தேதி, வேளை, உறுப்பினர் எண் நான்கையும் சேர்த்து யுனிக் கீயாக வைத்துவிடலாம் மேடம், அதே கீயில் வரி வந்தால் பழையதன் மேல் எழுதிவிடும்" என்றார்.

யுக்தி சரியானதுதான், ஆனால் அம்மையார் தம் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த இரண்டு சீட்டுகள் அதைக் கலைத்துவிட்டன. 47-ஆம் எண் உறுப்பினர் ஒரே காலையில் முதலில் 4.2 லிட்டரும், வீட்டில் இன்னொரு மாட்டைக் கறந்து வந்து 2.6 லிட்டரும் ஊற்றியிருந்தார். இளைஞர் சொன்ன கீயின்படி இரண்டாவது சீட்டு முதலாவதை விழுங்கி, 6.8 லிட்டர் ஊற்றியவருக்கு 2.6 லிட்டருக்கே காசு போகும். நகலைத் தடுக்கப் போய் நிஜத்தைத் தொலைப்பது, நகலை விட்டுவைப்பதினும் பெரிய அநியாயம். ஏனெனில் மிகுதியாக ஏறியதை மொத்தத் தொகை காட்டிக்கொடுக்கும், காணாமற்போனதைப் பால் ஊற்றியவரே வந்து சொன்னாலன்றித் தெரியாது. இயந்திரம் வேளைதோறும் ஒன்றிலிருந்து தொடங்கி இடும் சீட்டு எண்ணே அந்தப் பாலுக்குரிய உண்மையான அடையாளம் என்று முடிவாகி, பலகையில் இப்படி எழுதப்பட்டது:

```sql
INSERT INTO receipt
SELECT * FROM staging
ON CONFLICT (society, shift_date, shift, slip_no)
DO UPDATE SET litres = EXCLUDED.litres;
```

ஒரே தொகுதிக்குள்ளேயே அதே சீட்டு இருமுறை இருந்தால் போஸ்ட்கிரெஸ் இந்தக் கட்டளையை ஏற்காமல் பிழை காட்டி நிறுத்திவிடும் என்பதால், `staging`-இலேயே நகல்களைக் களைந்துவிட வேண்டும் என்றும் அம்மையார் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து, தாமதமாக வருவன. மலையடிவாரச் சங்கம் ஒன்றில் சிக்னல் அறுந்து, திங்கட்கிழமைக் கோப்பு வியாழக்கிழமை வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். வரைவிலோ, `shift_date` நேற்றைய தேதியாக உள்ள வரிகளை மட்டும் எடு என்றிருந்தது. திங்கட்கிழமைப் பால் எந்த இரவிலும் அந்த வலையில் சிக்காது. பால் ஊற்றிய நாள் வேறு, செய்தி வந்து சேர்ந்த நாள் வேறு. ஆகவே எடுப்பதை `received_at` கொண்டு எடுத்து, அதனால் எந்தெந்த நாட்களின் கணக்கு மாறுகிறதோ அந்நாட்களின் கூட்டுத்தொகையை மட்டும் மறுபடி போட வேண்டும். பட்டுவாடா முடிந்த பின் வந்ததற்கு மூடிய கணக்கைத் திறக்காமல், அடுத்த பட்டுவாடாவில் பாக்கியாகச் சேர்ப்பதென்று தீர்மானமாயிற்று.

கடைசியில் அபாய அறிவிப்பு. "ஜாப் தோற்றால் மெயில் வரும்" என்றார் இளைஞர். "தோற்க வேண்டுமானால் முதலில் ஓட வேண்டுமே? ஓட்டி வைக்கும் சர்வரே படுத்துவிட்டால் மெயிலை யார் அனுப்புவது?" என்றார் அம்மையார். கோப்பே வராமல், பூஜ்ய வரிகளை ஏற்றிவிட்டு 'வெற்றி' என்று முடியும் இரவும் உண்டு. ஆகையால் ஜாப் முடிந்ததும் வெளியிலுள்ள வேறொரு காவலுக்கு 'முடிந்தது. இத்தனை சங்கங்கள் வந்தன' என்று சொல்ல வேண்டும். 4 மணிக்குள் அச்சொல் வராவிட்டாலும், வந்த எண்ணிக்கை குறைந்திருந்தாலும், அந்தக் காவல் போனில் அழைக்க வேண்டும்.

எழுதிவைத்ததோடு அம்மையார் திருப்தியடையவில்லை. மதிய உணவுக்குப் பின், கெடுவைக் கால் மணி நேரமாகக் குறைத்துச் சோதனை ஜாப்பை ஓடவிடாமல் நிறுத்தச் சொன்னார். நாங்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கால் மணி கடந்தும் ஒன்றும் நிகழவில்லை. தேடிப் பார்த்ததில், அழைக்க வேண்டிய எண், போன மாதம் வேலையை விட்டுப் போனவருடையது.