கணக்கு உதைக்கிறது

எங்கள் பனியன் ஊருக்கு வாரந்தோறும் ஒரு தீபாவளி உண்டு. அது சனிக்கிழமை இரவு. அன்றுதான் சம்பளம். ஒன்றரை ஷிப்டு முடிந்தவர்கள் ஒரு கூட்டமாகவும், இரண்டு ஷிப்டு முடிந்தவர்கள் நள்ளிரவில் இன்னொரு கூட்டமாகவும் கடைத்தெருவுக்கு வருவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் உறங்கும் வேளையில் இங்கே அரிசியும் பருப்பும் நிறுவையில் ஏறிக்கொண்டிருக்கும்.

என் பெரியப்பா 15 வேலம்பாளையத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். என் தந்தையார் பவர் டேபிள் தைப்பவர். தாயார் செக்கிங் வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே உறவில் யாருக்கு எந்தக் காகிதம் புரியாவிட்டாலும், “பி.எஸ்ஸி. படிக்கிற பையன் இருக்கிறானே” என்று அது என்னிடம் வந்து சேரும். வருமானச் சான்றிதழ், கேஸ் புத்தகம், ஆயுள் காப்பீட்டுக் கடிதம் எல்லாம் பார்த்தாயிற்று. சென்ற நவம்பரில் வந்தது பெரியப்பாவின் கணக்கு.

“கண்ணு, கணக்கு உதைக்குது. நோட்டுல ஒண்ணு இருக்குது, பேங்குல ஒண்ணு இருக்குது. ஒரு நாளும் ஒத்து வர மாட்டேங்குது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பையன் மேலதான் சந்தேகம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் இப்பத்தான் வந்திருக்கான். இந்த வாரத்தோட கணக்குத் தீர்த்து அனுப்பிரலாம்னு இருக்கேன்” என்றார்.

பையன் என்றது ஒடிசாவிலிருந்து வந்து கடையில் வேலை பார்க்கும் இளைஞனை. வயது என் வயதுதான். பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர், தம் வேலையாள் கடை அட்டைக்குப் பதிலாகத் தன் கைப்பேசியில் உள்ள க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் பெரியப்பாவின் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒருவன் சோற்றில் மண் விழப் போகிறது என்றால் கணக்கைச் சரியாகப் பார்த்துவிட்டல்லவா போடவேண்டும்? ஞாயிறு மாலை நோட்டு, கைப்பேசி, வங்கிப் புத்தகம் மூன்றையும் வாங்கிக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு பல ஆண்டுகள் பெரியப்பா தம் சொந்தக் கணக்கின் கட்டத்தையே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். வாடிக்கையாளர் 40 ரூபாய் செலுத்தினால் அந்த 40 ரூபாய் அந்த நொடியே அவருடைய வங்கிக் கணக்கில் ஒரு வரியாக விழும். புத்தகம் பக்கம் பக்கமாக நீண்டது. ஆனால் தொகை ஒத்து வந்தது. இந்தக் கணக்கு உதைக்கத் தொடங்கியது, விற்பனையாள் ஒருவர் வந்து, பணம் வந்ததும் வாய்விட்டுச் சொல்லும் பெட்டியை வைத்துவிட்டுப் போன பிறகுதான். பெட்டியோடு புதிய அட்டையும் வந்தது. பழைய அட்டையும் புதிய அட்டையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பணம் போகும் பாதைதான் வேறு.

புதிய அட்டையில் செலுத்தும் பணம் நேராகப் பெரியப்பாவிடம் வருவதில்லை. நடுவில் ஒரு நிறுவனம் நிற்கிறது. பல கடைகளுக்கு வரும் பணத்தை அது முதலில் தன் பொறுப்பில் வாங்குகிறது. அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியாக எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இத்தகைய நிறுவனங்களுக்கு விதி செய்தது. பிறகு ஒரு குறித்த நேரம் வரை சேர்ந்ததை ஒரே மொத்தமாகக் கட்டி, தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துக்கொண்டால் போதும். பால் ஊற்றுவது தினமும். பட்டுவாடா அவர்கள் கணக்கு முடிக்கும்போது. தீவனக் கடன் இருந்தால் அதுவும் பிடித்தம்.

பெரியப்பாவின் செயலியில் அந்தக் குறித்த நேரம் இரவு 11 மணி என்று இருந்தது. முந்தின இரவு 11 முதல் இந்த இரவு 11 வரை ஒரு கட்டு. மறுநாள் காலை வங்கியில் வரவு. ஆனால் அதே செயலியின் முகப்பில் தெரியும் “இன்றைய வசூல்” நள்ளிரவு 12 முதல் நள்ளிரவு 12 வரை. பெரியப்பாவின் நோட்டிலோ நாள் என்பது கதவு திறப்பதிலிருந்து கதவு சாத்துவது வரை. ஒரே சனிக்கிழமைக்கு மூன்று சனிக்கிழமைகள்! மற்ற நாள்களில் கடை பத்தரைக்குள் சாத்தப்படுவதால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சனிக்கிழமைதான் நள்ளிரவைத் தாண்டுகிறது. கணக்கு மிகுதியாக உதைத்ததும் சனிக்கிழமைகளில்தான்.

2025 நவம்பர் 1 சனிக்கிழமை, மாதப் பிறப்பும்கூட. அன்றைய நோட்டில் க்யூ.ஆர். வரவு 17,010 ரூபாய். ஞாயிறு காலை வங்கியில் விழுந்தது 14,123 ரூபாய் 64 காசு. வித்தியாசம் 2,886 ரூபாய் 36 காசு. ஒரு வேலையாளின் மேல் பழி விழப் போதுமான தொகைதான்.

பெரியப்பா செய்துவந்தது நோட்டை நேரே வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுவது. நடுவில் இருக்கும் செயலியை அவர் பார்க்கவே இல்லை. நான் அதை இரண்டு ஒப்பீடாகப் பிரித்தேன். முதலில் நோட்டும் செயலியும். பிறகு செயலியும் வங்கியும். யாராவது கைவைத்திருந்தால் அது முதல் ஒப்பீட்டில்தான் தெரியும். ஏனெனில் வேறு கட்டத்துக்குப் போன பணம் செயலிக்கே வந்திருக்காது. செயலிக்கு வந்துவிட்ட பணத்தைக் கடைப் பையனால் தொட முடியாது. அங்கே குறைந்தால் காரணம் நேரம், அல்லது பிடித்தம்.

முதல் ஒப்பீடு. நோட்டு 17,010, செயலியின் சனிக்கிழமை 16,150. குறைவு 860. நள்ளிரவுக்குப் பிறகு, 12.40-க்குக் கதவு சாத்தும்வரை வந்த தொகைகளைச் செயலியில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேதியின்கீழ் 620 ரூபாய் இருந்தது. மீதி 240 ரூபாய் ஒரே ஒரு வரி. பையன் தன் கையெழுத்தில் எழுதிய வரி. பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“செக்கிங் அக்காங்க. அவங்க போன்ல காசு போயிருச்சு. பெட்டி பேசலை. அக்கா மெசேஜ் காட்டிச்சு. அதான் எழுதினேன்” என்றான்.

திருட நினைக்கிறவன் வராத பணத்தை வந்ததாக எழுதி வைப்பானா? எழுதாமல் விடுவதல்லவா அவனுக்கு லாபம்! நான் இதைச் சொன்னதும் பெரியப்பா ஒன்றும் பேசாமல் எடைக்கல்லைத் துடைக்கத் தொடங்கினார்.

செலுத்தியவர் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராமல் நடுவழியில் நின்றுபோகும் பணம் இது. 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் இவ்வாறு நின்றால், செலுத்திய நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் அது தானாகவே செலுத்தியவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும். ஆகவே வாடிக்கையாளர் காட்டும் செய்தி, அவரிடமிருந்து பணம் புறப்பட்டதற்குச் சாட்சியே தவிர நம்மிடம் வந்து சேர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. பெட்டி பேசவேண்டும், அல்லது நம் செயலியில் அந்த வரி தெரியவேண்டும்.

இரண்டாவது ஒப்பீடு. செயலி 16,150, வங்கி 14,123.64. இரவு 11-க்கும் 12-க்கும் இடையில் வந்தது 1,840 ரூபாய். அது 11 மணிக் கட்டைத் தவறவிட்டு அடுத்த கட்டில் ஏறிவிட்டது. எஞ்சிய 186 ரூபாய் 36 காசுதான் உண்மையில் கையை விட்டுப் போனது. அதில் 125 ரூபாய் பேசும் பெட்டிக்கு மாத வாடகை. பெட்டி இலவசம் என்றே பெரியப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பாக்கி 61 ரூபாய் 36 காசு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியே செலுத்தினால் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதனால் எதுவும் பிடிக்கமாட்டார்கள் என்றே எல்லாரும் நம்புகிறோம். ஆனால் 2022 முதல் ரூபே கடன் அட்டையையும் யு.பி.ஐ.யோடு இணைத்துக் கட்டத்தில் செலுத்தலாம். சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் இல்லை. அதற்கு மேலே போனால் உண்டு. அன்று ஒரு மேஸ்திரி தம் ஆட்களுக்காக மாதச் சாமான் 2,600 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். செலுத்தியது கடன் அட்டையிலிருந்து. அதற்கு 2 சதவீதம் 52 ரூபாய். அந்த 52-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 9 ரூபாய் 36 காசு. பெட்டி “இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் பெறப்பட்டது” என்றுதான் சத்தமாகச் சொல்லியது. பிடித்ததைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டினேன்: 620, 240, 1,840, 125, 61.36. சரியாக 2,886 ரூபாய் 36 காசு.

பெரியப்பா உடனே ஒப்பவில்லை. “அந்த ரெண்டாயிரத்து நானூத்தி அறுவது அடுத்த கட்டுல ஏறிருச்சுன்னு நீ சொல்றே. ஏறினதை எனக்குக் காட்டோணுமல்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஞாயிறு நோட்டு வரவு 9,480 ரூபாய். கடையை ஒன்பதரைக்குச் சாத்திவிட்டார். திங்கள் காலை வங்கியில் 11,940 விழுந்தது. நோட்டைவிட 2,460 அதிகம்! பழைய பக்கங்களைப் புரட்டினால் திங்கட்கிழமைதோறும் இப்படி அதிகமாகவே வந்திருக்கிறது. குறைந்த நாளில் தூக்கம் கெட்ட மனிதர், கூடிய நாளைக் கவனித்ததே இல்லை. மனித சுபாவம் என்று விட்டுவிடலாம்.

தினமும் இப்படிக் கூட்டிக்கழித்துக் கொண்டிருக்க முடியாதல்லவா? செயலியில் “Settlement” என்னும் பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு கட்டும் தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் “UTR” என்று ஓர் எண். அதே எண் வங்கி வரவின் வரியிலும் இருக்கும். தேதியை மறந்துவிட்டு இந்த எண்ணை வைத்துச் சேர்த்தால், எந்த வரவுக்குள் எந்த விற்பனைகள், என்ன பிடித்தம் என்று அதன்கீழே தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் கைப்பேசியில் தெரியும் 12 இலக்க எண் இதுவன்று; அது ஒரு தனிச் செலுத்துகைக்கு உரியது. அதை வங்கிப் புத்தகத்தில் தேடித் தேடித்தான் பெரியப்பா கண் வலித்துப் போயிருந்தார்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. யாராவது தன் கட்டத்தைக் காட்டிப் பணம் வாங்கி, நோட்டிலும் எழுதாமல் விட்டால், மூன்று கணக்கும் அழகாக ஒத்துவரும். அதைச் சரக்கிருப்பில்தான் பிடிக்க முடியும். பெரியப்பா அதையும் விடவில்லை. அடுத்த ஞாயிறு எண்ணெய் பாக்கெட்டு முதல் தீப்பெட்டிவரை எண்ணினார். இருப்பு சரியாக இருந்தது.

240 ரூபாய் செவ்வாய் இரவு அந்த அக்காவின் கணக்குக்கே திரும்பியதாம். புதன்கிழமை வந்து ரொக்கமாகக் கொடுத்தார். வாங்கி நோட்டில் வரவு வைத்தவன் பையன்தான். இப்போது சனிக்கிழமை இரவு 11 அடித்ததும் அவனே நோட்டின் குறுக்கே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போடுகிறான். 12-க்கு இன்னொரு கோடு. பெட்டி வாடகையைக் குறைக்கச் சொல்லி விற்பனையாளுக்குப் பெரியப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார். இன்னும் ஆள் வரவில்லை.