நிற்கிறார், நின்றார், நிற்பார்

சென்ற பங்குனியில், மயிலை அறுபத்து மூவர் விழாவுக்கு மறுநாள் காலை, அடையாறிலிருந்து அக்கா மகள் நம் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூட்ட நெரிசலில் அவளும் அவள் அம்மாவும். பின்னால் மங்கலாக ஒரு சப்பரம். இன்ஸ்டாகிராமில் படத்தோடு போட அவள் எழுதிய சில வரிகள் கீழே இருந்தன. கூடவே ஒரு குறிப்பு: "மாமா, இதுல டென்ஸ் எல்லாம் கலந்து கெடக்குன்னு அம்மா சொல்றாங்க. சரி பண்ணிக் குடுங்க. ஆனா பாடப்புத்தகம் மாதிரி ஆக்கிடாதீங்க."

அவள் எழுதியதை அப்படியே தருகிறோம்.

"நேத்து அறுபத்து மூவர். மாட வீதியில கால் வைக்க எடம் இல்ல. ரெண்டு மணிக்குக் கிளம்புறோம், மந்தைவெளி தாண்டறதுக்குள்ள மாட்டிக்கிட்டோம். ஒருத்தர் மோர் குடுக்கிறார், ரெண்டு டம்ளர் குடிச்சோம். சப்பரம் வரும்போது எல்லாரும் கையத் தூக்குவாங்க, நானும் தூக்கினேன். தாத்தா எப்பவும் தெற்கு மாட வீதி முனையில நிக்கிறார், என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்குவார். இந்த வருஷமும் அங்கதான் நின்னுட்டு இருக்கோம். கால் இன்னும் வலிக்குது. அடுத்த வருஷமும் வர்றோம்!"

அன்று நாம் தியாகராய நகர் வீட்டில் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். கையில் சிவப்பு மை. அந்த மனநிலையிலேயே இதையும் திருத்தினோம். 'நேற்று' என்று தொடங்குகிறது, ஆகவே எல்லாம் இறந்தகாலம். பேச்சு வழக்கு, ஆகவே எல்லாம் எழுத்து வழக்கு. மாட வீதியில் "கால் வைக்க இடம் இருக்கவில்லை." ஒருவர் மோர் "வழங்கினார்." தாத்தா எப்போதும் தெற்கு மாட வீதி முனையில் "நின்றார்." ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தோம்.

மாலையில் பதில் வந்தது. "மாமா, இது நான் எழுதுன மாதிரியே இல்ல. அதுகூடப் பரவால்ல. தாத்தாவுக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரி இருக்கு."

தாத்தா என்று அவள் சொல்வது நம் அப்பாவை. முந்தைய ஐப்பசியில் காலமானார். 'நின்றார்' என்று தட்டியபோது அது நினைவுக்கே வரவில்லை என்பதுதான் நம்மை உறுத்தியது. வினைமுற்றைப் பார்த்தோம்; எழுவாயைப் பார்க்கவில்லை.

இரவு மீண்டும் அந்த வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, இம்முறை சொல் சொல்லாகப் படித்தோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை எழுதுகிறவள் எங்கே நின்று பேசுகிறாள் என்பது. விடை அவளே தந்திருக்கிறாள்: "கால் இன்னும் வலிக்குது." விழா முடிந்த மறுநாள் காலை, கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிறாள். அதுதான் அவளுடைய 'இப்போது'. முன்னால் நடந்ததும் பின்னால் நடக்கப்போவதும் அங்கிருந்து அளக்கப்பட வேண்டும். அந்த இடத்தைக் காரணமின்றி நகர்த்துகிற வினைகளே பிழை. காலம் மாறியிருப்பது மட்டும் பிழையாகாது.

இப்படிப் பார்த்தால், நாம் முதலில் 'திருத்திய' இடங்கள் சிலவற்றில் பிழையே இல்லை. "எடம் இல்ல" என்பதை எடுத்துக்கொள்வோம். 'இல்லை' குறிப்பு வினை. காலங்காட்டும் இடைநிலை அதனுள் கிடையாது. 'நேத்து' என்று முன்னால் சொல்லிவிட்டால் நேற்றைக்கும், 'இன்னிக்கி' என்றால் இன்றைக்கும் அது பொருந்தும். அதைப் போய் 'இருக்கவில்லை' என்று மாற்றியது நம் அதிகப்பிரசங்கித்தனம். "சப்பரம் வரும்போது" என்பதும் அப்படியே. 'வரும்' என்ற பெயரெச்சம் எதிர்காலம் போலத் தோன்றினாலும், 'போது' சேர்ந்தபின் தன் காலத்தை முடிக்கும் வினையிடமிருந்து பெறுகிறது. 'வரும்போது தூக்கினாங்க' என்றால் நேற்று. 'வரும்போது தூக்குவாங்க' என்றால் வழக்கம். எனவே அங்கே தொட வேண்டியது 'வரும்போது' அல்ல, 'தூக்குவாங்க'. எல்லாரும் ஆண்டுதோறும் செய்வதையும், தான் நேற்று ஒருமுறை செய்ததையும் 'நானும்' என்ற ஓர் உம்மையால் அவள் கட்டிவிட்டாள். உம்மை அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. 'எல்லாரும் கையத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்' என்றால் போதும்.

"கிளம்புறோம்... மாட்டிக்கிட்டோம்", "மோர் குடுக்கிறார்... குடிச்சோம்" என்னும் இரண்டு இடங்கள்தான் அக்காவின் காதில் இடறியிருக்க வேண்டும். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வது நம் திண்ணைப் பேச்சின் பழைய வழக்கம். 'போறேன், பாக்கறேன், வாசல்ல ஒருத்தர் நிக்கிறார்' என்று கதை சொல்லாத பாட்டி உண்டா? ஆனால் அந்தப் பாட்டி நிகழ்காலத்துக்குள் நுழைந்தால் நாலைந்து வினைக்காவது அங்கேயே இருப்பாள். இங்கே ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. படிக்கிறவர் கிளம்பும்போது தெருவில் இருக்கிறார், மாட்டிக்கொள்ளும்போது வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார், மோருக்கு மறுபடி தெருவுக்கு ஓடுகிறார்.

சரி செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முழுவதையும் நிகழ்காலத்தில் ஓடவிடுவது: 'ரெண்டு மணிக்குக் கிளம்புறோம், மந்தைவெளி தாண்டல, மாட்டிக்கிறோம். ஒருத்தர் மோர் குடுக்கிறார், ரெண்டு டம்ளர் குடிக்கிறோம்.' எழுதிப் பார்த்தோம். வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் அடுத்து வரும் தாத்தாவின் வாக்கியத்தை அது கெடுத்துவிடும். நிகழ்கால ஓட்டத்துக்கு நடுவே தாத்தாவின் வழக்கத்தைச் சொன்னால், அவரும் நேற்றைய கூட்டத்தில் ஓர் ஆளாகிவிடுவார். ஆகவே இரண்டாம் வழியை எடுத்தோம்: 'கிளம்பினோம்', 'குடுத்தார்'. எழுத்து வழக்குக்குப் போகத் தேவையே இல்லை. 'கிளம்பினோம்' என்பதும் அவள் வாயில் நாள்தோறும் வரும் சொல்தான். பேச்சுத் தமிழுக்கு மூன்று காலமும் குறைவின்றி இருக்க, காலத்தைத் திருத்துவதாகச் சொல்லி வழக்கையே மாற்றியது நம் பழைய தவறு. (வகுப்பில் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கும் இத்தனை நாள் இதைத்தான் செய்துகொண்டிருந்தோமோ என்ற ஐயம் அன்றிரவு வந்தது. இன்னும் போகவில்லை.)

"அடுத்த வருஷமும் வர்றோம்" என்பதை விட்டுவிட்டோம். நன்னூலார் பொதுவியலில், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களால் காலம் பிறழ்ந்து வரலாம் என்று இடம் தருகிறார். சாப்பாட்டுத் தட்டின் முன் இருந்துகொண்டே 'இதோ வந்துட்டேன்' என்று தொலைபேசியில் சொல்கிறோமே, அது விரைவு. எறும்புகள் முட்டையோடு மேட்டில் ஏறினால் மழை 'பெய்தது' என்றே சொல்லிவிடுவதை உரைகாரர் தெளிவுக்குக் காட்டுவர். பெண்ணின் 'வர்றோம்' இந்தத் தெளிவின் பாற்பட்டது. 'வருவோம்' என்று திருத்தினால் இலக்கணம் கெடாது; அந்த உறுதி கொஞ்சம் தளரும்.

மிஞ்சியது தாத்தா. "எப்பவும் நிக்கிறார்... தூக்கி வச்சுக்குவார்." முதல் வினை நிகழ்காலம், இரண்டாவது எதிர்கால வடிவம், பொருளோ பழைய நாளைய வழக்கம். இரண்டாவதில் குற்றமில்லை. முன்பெல்லாம் வழக்கமாக நடந்ததை எதிர்கால வினையால் சொல்வது தமிழின் இயல்பு. முன்னர் தாம் விளையாடிய சோலையைச் சுட்டி ஒருவர் அப்படிப் பேசுவதை உரையிலும் காணலாம். 'சின்ன வயசுல இங்க வருவோம், ஐஸ் சாப்பிடுவோம்' என்றால் யாரும் நாளைக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் முதல் வினையும் 'நிப்பார்' ஆக வேண்டும். 'நின்னார்' என்றால் ஒருநாள் நின்றதாகி, 'எப்பவும்' என்பதோடு மோதுகிறது. 'நின்னுட்டு இருந்தார்' என்றால் இப்போது இல்லை என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறது. 'நிப்பார்' இரண்டையும் செய்வதில்லை. இருப்பவரைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம், இல்லாதவரைப் பற்றியும் சொல்லலாம். காலத்தை அடுத்த வாக்கியம் பார்த்துக்கொள்கிறது: படத்தில் இருப்பவள் கல்லூரிப் பெண், அவளை யாரும் தோளில் தூக்க முடியாது. தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவர்களுக்கு ஒரு தாத்தா தெருமுனையில் நிற்பார், அவ்வளவுதான்.

அவளைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிக்கிறார்னு வச்சா ரொம்பத் தப்பா மாமா?" என்று கேட்டாள்.

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதே எட்டாம் திருநாள் காலையில்தான் மயிலையில் பூம்பாவை எழுந்த கதையை விழாவாக நடத்துகிறார்கள். சம்பந்தர் தம் பதிகத்தில் இறந்த பெண்ணை முன்னிலையில் வைத்து, இந்த விழாவைக் காணாமலே போகிறாயா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். போய்விட்டாயே என்று பாடவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு 'நிக்கிறார்' ஆகாதா? ஆனால் அது ஆக வேண்டுமானால் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரிய வேண்டும். சுற்றியுள்ள மற்ற வினைகள் ஒழுங்காக இருந்தால்தான் அது ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். இதைத்தான் அவளிடம் சொன்னோம். இரண்டு விதமாகவும் எழுதி அனுப்பினோம். கடைசியில் அவள் போட்டது இது:

"நேத்து அறுபத்து மூவர். மாட வீதியில கால் வைக்க எடம் இல்ல. ரெண்டு மணிக்குக் கிளம்பினோம், மந்தைவெளி தாண்டறதுக்குள்ள மாட்டிக்கிட்டோம். ஒருத்தர் மோர் குடுத்தார், ரெண்டு டம்ளர் குடிச்சோம். சப்பரம் வரும்போது எல்லாரும் கையத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். தாத்தா எப்பவும் தெற்கு மாட வீதி முனையில நிப்பார், என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்குவார். இந்த வருஷமும் அங்கதான் நின்னோம். கால் இன்னும் வலிக்குது. அடுத்த வருஷமும் வர்றோம்!"

பன்னிரண்டு வினைகளில் மாறியவை ஐந்து. நாள் ஒன்று கடந்துவிட்டதால் 'நேத்து' இப்போது முந்தாநாளாகிவிட்டதை நாம் சுட்டிக்காட்டினோம். "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க மாமா" என்றாள்.

மறுநாள் அக்கா பேசினாள். அந்த வரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா ஏன் எப்பவும் அந்த முனையிலயே நிப்பார், ஒனக்குத் தெரியுமா? அங்கதான் வெயில் விழாது" என்றாள்.