சொல்லாமல் விட்ட ஒரு வாரம்

என் கணினியில் திருட்டு நிரல் ஓடியது தெரிந்தும், அதனால் யாருக்குப் பாதிப்போ அவரிடம் நான் உடனே சொல்லவில்லை.

நான் தனியாக இணையதள வேலை எடுத்துச் செய்பவன். வேலை தேடும் தளம் ஒன்றில் புதிதாக ஒருவர் டாலரில் நல்ல தொகை பேசினார். வீடியோ அழைப்புக்கு முன்னால் அவர்களுடைய புராஜெக்டை என் கணினியில் ஓட்டிப் பார்த்து, கருத்துச் சொல்ல வேண்டும் என்றார். `npm install --ignore-scripts` என்று கொடுத்துத்தான் நிறுவினேன். நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளை அது தடுத்துவிடும் என்ற தைரியம். அடுத்து `npm start` கொடுத்ததும் நான்தான். அதற்கு அந்தத் தடை செல்லாது. பக்கம் அழகாகத் திறந்தது. அழைப்பு நேரத்தில் ஆளைக் காணோம், கணக்கையும் காணோம்.

பிறகுதான் கோப்புகளை ஒழுங்காகப் படித்தேன். சர்வர் கோப்பில் பார்வைக்கு எல்லா வரிகளும் குட்டையானவை, ஆனால் எடிட்டரின் அடியில் பக்கவாட்டு ஸ்க்ரோல் பட்டை மட்டும் பொடியாகத் தெரிந்தது. எங்கேயோ மிக நீளமான வரி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். விஎஸ் கோடில் `Alt+Z` அழுத்தி வரிகளை மடக்கினேன். ஒரு சாதாரணக் குறிப்புக்குப் பின்னால் நீள வெற்றிடம், அதையும் தாண்டித் திரைக்கு வெளியே, வாசிக்க முடியாதபடி குழப்பி எழுதிய ஒரே வரி. வெளியிலிருந்து இன்னொரு நிரலை இறக்கி ஓட்டுவதுதான் அதன் வேலை. வட கொரியாவோடு தொடர்புடைய குழுக்கள் நேர்காணல் என்ற பெயரில் இப்படிச் செய்வதைப் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்கள் 2023 நவம்பரிலேயே வெளியிட்டிருந்தார்கள். என்னிடம் வந்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது.

என் பெயரில் ஓடும் நிரலுக்கு, நான் திறக்கும் கோப்பெல்லாம் திறக்கும். வேறொரு கணினியிலிருந்து என் கடவுச்சொற்களை மாற்றினேன். எல்லாக் கணக்கிலும் பழைய லாகின்களை வெளியேற்றினேன். குக்கீ களவு போயிருந்தால் கடவுச்சொல் மாற்றுவது மட்டும் போதாது. பாதிக்கப்பட்ட கணினியை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவினேன்.

ஆனால் அதே கணினியில் பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய `.env` கோப்பும் இருந்தது. அவருடைய டேட்டாபேஸ் கடவுச்சொல் அதில்தான் இருந்தது. அதை அவர்தான் மாற்ற முடியும். மின்னஞ்சல் எழுதினேன், அழித்தேன். அந்தக் கோப்பை எடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் போன் செய்தேன். "எப்ப நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே, தம்பி."

டேட்டாபேஸ் லாகை இருவருமாகப் பார்த்தோம். நான் வாயை மூடியிருந்த அந்த வாரத்தின் நடுவில், எங்கள் இருவருக்கும் தெரியாத முகவரியிலிருந்து ஒரு லாகின். அவர் கடையில் பொருள் வாங்கியவர்களின் பெயர்களும் போன் நம்பர்களும் அந்த டேட்டாபேஸில்தான் இருந்தன. அவர்களுக்கு அனுப்ப வேண்டிய எச்சரிக்கைக் கடிதத்தை அன்றிரவே நான் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் எனக்கு வேலை தரவில்லை.