கடைக்குப் பேர் வைத்த கதை

எங்கள் வீட்டு மோட்டார் கருகிப்போன கதையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்று போளூருக்கே திரும்பி வந்ததும், பழைய வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினேன். சாமான் வாங்கும் பொறுப்பை மேஸ்திரியிடமே விட்டுவிட்டேன். கொடைக்கானலுக்குப் பஸ் பிடித்துப் போய் வந்தாலே ஒரு பகல் கழிந்துவிடும். அவர் போனில் சொல்வார், வண்டியில் சாமான் ஏறி வரும், நான் பணம் கொடுப்பேன். மேல்மலையில் வீடு கட்டும் பாதிப் பேருடைய கதை இதுதான்.

ஆறாவது மாதம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ஒரு வருஷ வாரண்டி இருந்தது. ஆனால் கார்டில் விற்ற கடையின் சீலும் தேதியும் இருந்தால்தான் கம்பெனிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். என் கார்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மேஸ்திரியோ வேலைக்காகக் கேரளா போயிருந்தார். போன் போட்டுக் கேட்டேன்.

"அது நம்ம தாடிக்காரர் கடைங்கய்யா. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்றார்.

கையில் பில் இருந்தது. அதில் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் 'ட்ரேடர்ஸ்' என்ற சொல்லும்தான். மோட்டாரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு கொடைக்கானலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த மூன்று எழுத்தை எந்தப் பலகையிலும் காணோம். தாடி வைத்த கடைக்காரரையும் காணோம். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் எதிர்ப்பக்கம் கை காட்டினார். நான் இரண்டு முறை நின்று வழி கேட்ட அதே கடை! மேலே இருந்த பெரிய பலகையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. முதலாளி மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "தாடி எடுத்து ரெண்டு வருஷமாச்சு சார்" என்று சிரித்தபடியே சீல் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒரு கடைக்கு மூன்று பெயர். மேஸ்திரி வாயில் ஒன்று, பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் வீட்டுக்காரனாகிய நான் ஒரு நாள் முழுக்க அலைந்தேன்.

அடுத்த வருஷமே அக்கா மகன் ஊரில் ஹார்டுவேர் கடை போடப் போவதாக வந்து நின்றான். பூண்டு விற்ற காசும் கொஞ்சம் கடனுமாக முதல் போட்டிருந்தான். "மாமா, பேர் மட்டும் நீங்க சொல்லுங்க" என்றான். முதலில் அவன் யோசித்து வைத்திருப்பதைச் சொல்லச் சொன்னேன்.

ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தான். முதல் பெயர் ஸ்ரீ முருகன் ஹார்டுவேர்ஸ். நமக்கு இதில் குறை சொல்ல வாய் வராது. கீழே பழனியில் தண்டாயுதபாணி, மேலே பூம்பாறையில் குழந்தை வேலப்பர். மலையே அவருடையது. அதனால்தான் சிக்கலும். கடையில் பாதிக்கு அவர் பெயர்தான். நான் வேலையில் இருந்த காலத்தில் 'முருகன் ஸ்டோர்ஸ், கொடைக்கானல்' என்று மட்டும் எழுதி வரும் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முருகன் என்று தபால்காரர் தலையைச் சொறிவதைப் பார்த்திருக்கிறேன். தபால் தவறினால் ஒரு நாள் தாமதம். சிமெண்ட் மூட்டை தவறான கடை வாசலில் இறங்கி மழையில் நனைந்தால் கல்லாகிவிடும். "சாமி படத்தை உள்ளே மாட்டு, பலகைக்கு வேற பேர் பாரு" என்றேன்.

இரண்டாவது, போளூர் ஹார்டுவேர்ஸ். ஊர்ப் பாசம். ஆனால் இன்னொரு போளூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ரயில் நிலையமும் தாலுகா அலுவலகமும் உள்ள பெரிய ஊர். பின்கோடு விட்டுப்போன நம்மூர்த் தபால் அங்கே ஊர் சுற்றிவிட்டு வரும். போனில் தேடுகிறவருக்கும் அந்தப் பெரிய ஊர்தான் முன்னால் வந்து நிற்கும். அதோடு, கவுஞ்சிக்காரரும் பூண்டிக்காரரும் கிளாவரைக்காரரும் வந்து வாங்க வேண்டிய கடைக்கு ஒரு ஊர்ப் பெயரை வைத்தால், அது அடுத்த ஊர்க்காரன் கடை என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

மூன்றாவது, இங்கிலீஷில் நான்கு சொல் கொண்ட ஒரு நீளமான பெயர். அதை எங்கள் அக்காவிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, காபி குடித்து முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "ஏதோ மார்ட்டுன்னானே" என்றாள். அதோடு அது முடிந்தது.

நான்காவதை அவன் பெருமையோடு சொன்னான். ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் கருவி, நல்ல தமிழ்ச் சொல், கடைக்குப் பொருத்தம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நம் ஜனங்கள் எந்தப் பெயரையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ரசமட்டம் ஒரே வாரத்தில் மட்டக்கடை ஆகிவிடும். மட்டமான சரக்கு விற்கிற கடை என்று நாமே பலகை மாட்டியது போல் ஆகும். பெயர் வைக்கும்போது, வைக்கிற பெயரைவிட அது சுருங்கி என்னவாகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டுக்கும் அதே கதிதான். சுருக்கினால் தூக்குக்கடை!

ஐந்தாவது, ஏணி. இரண்டே எழுத்து. படமும் போடலாம், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலை இடத்துக்குப் போன் போடச் சொன்னேன். "ஏணிக் கடையிலேர்ந்து பேசுறேன்" என்றான் இவன். "என்ன, ஆணிக் கடையா? எத்தனை கிலோ?" என்றார் அந்தப் பக்கம் மேஸ்திரி. ஹார்டுவேர் கடைக்கு ஏணி என்று பெயர் வைத்தால், வாழ்நாள் முழுக்க ஆணியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பையன் சோர்ந்து போனான். அன்று சாயங்காலம் கடை இடத்தைப் பார்க்கப் போனோம். ஷட்டர் மாட்டிக்கொண்டிருந்த ஆள் யாரிடமோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பேரிமரத்துக் கடை இருக்குல்ல, அங்கதான் நிக்கிறேன்." கடை ஓரத்தில் எங்கள் தாத்தா காலத்துப் பேரிக்காய் மரம் ஒன்று நிற்கிறது. கடை திறக்கவே இல்லை, அதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது!

எனக்கு அப்போது ராம்கோ சிமெண்ட் ஞாபகம் வந்தது. ராஜபாளையம் ராமசாமி ராஜா 1957-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ். ஆனால் கடையில் போய் நின்று "மெட்ராஸ் சிமெண்ட் பத்து மூட்டை" என்று கேட்ட கொத்தனாரை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் மூட்டையின் மேல் இருந்த ராம்கோதான் தெரியும். 2013-ல் கம்பெனியே தன் பெயரை ராம்கோ சிமெண்ட்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே ஜனங்கள் வாயில் இருந்த பெயரைத் தேடி வந்தபோது, நாம் எதற்கு வேறு எங்கோ தேட வேண்டும்?

"பேரிமரம் ஹார்டுவேர்ஸ்னு வச்சிரு மாப்ள" என்றேன். அவனுக்குத் தயக்கம். "மரம் ஒரு நாள் விழுந்துட்டா, மாமா?" விழுந்தால் என்ன? மரம் போன பிறகும் எத்தனையோ ஊரில் ஆலமரத்து ஸ்டாப்பும் புளியமரத்து ஸ்டாப்பும் இருக்கத்தான் செய்கின்றன. அக்காவிடமும் மூன்று நாள் கழித்துக் கேட்டோம். தடங்கலில்லாமல் சொன்னாள். மேஸ்திரிக்கும் மெஷின் சத்தத்தில் சரியாகவே கேட்டது.

ஆனால் பெயர் வைத்ததோடு வேலை முடியவில்லை. என் மோட்டார் கற்றுக்கொடுத்த பாடம் பாக்கி இருந்தது. ஜி.எஸ்.டி. பதிவில் இரண்டு பெயர் கேட்பார்கள். ஒன்று பான் கார்டில் உள்ள முதலாளி பெயர். இன்னொன்று வியாபாரப் பெயர். அந்த இரண்டாவது இடத்தில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் பிறகு மறந்துவிடுகிறார்கள். பில்லில் அதுதான் அச்சாகும். அங்கேயும் பேரிமரம் ஹார்டுவேர்ஸ் என்றே எழுத வைத்தேன். பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பணம் அனுப்பும்போது போனில் தெரிகிற பெயர் என்று எல்லா இடத்திலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல்.

பலகைக்குத்தான் சண்டையே வந்தது. ஒரு சிமெண்ட் கம்பெனி ஆள் வந்து, லைட் எரியும் பெரிய பலகை இலவசம் என்றார். மாதிரிப் படத்தைக் காட்டினார். முக்கால் பலகைக்கு அவர்கள் சிமெண்டின் பெயர், கீழே ஒரு வரியில் நம் பெயர். பையனுக்கு ஆசை. கையில் காசு தீர்ந்திருந்த நேரம். நான் சொன்னேன்: "இந்தப் பலகையை மாட்டினா உன் கடைக்கு அந்த சிமெண்ட் பேர்தான் நிக்கும். நாளைக்கு அவன் ஏஜென்சியை வேற கடைக்குக் கொடுத்தா, உன் பேரும் சேர்ந்து அங்க போயிடும்." கடை வாசலிலேயே இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே பெயிண்டரைக் கூட்டி வந்தான்.

தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிப்படி பலகையில் தமிழ்தான் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி மூன்றும் எழுதினால் 5:3:2 என்று அளவு. எங்களுக்கு அது வசதியாகவே அமைந்தது. தகரத்தில் மஞ்சள் அடித்து, 'பேரிமரம்' என்று தூரத்திலிருந்தே தெரியும் எழுத்து, பக்கத்தில் ஒரு பேரிக்காய்ப் படம், அதற்குக் கீழே சின்னதாக 'சிமெண்ட், கம்பி, பைப், பெயிண்ட், ஓஸ்'. அந்த சிமெண்ட் கம்பெனியின் பெயரைக் கடைக்கு உள்ளே சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

போன மாதம் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். கிளாவரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு பையில் நாலு பி.வி.சி. எல்போ, மடித்து வைத்த பில். "எங்க மேஸ்திரி கூடுதலா வாங்கிட்டாருப்பா. பேரிக்காய் போட்ட கடைன்னு சொன்னாரு, சீட்டுலயும் அதே படம் இருந்துச்சு. அதான் நேரா வந்துட்டேன்" என்றார். யாரிடமும் வழி கேட்கவில்லையாம்.

பையன் பில்லைப் பார்த்து, எல்போவை எண்ணி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அந்த அம்மா போகும்போது வாரண்டி கார்டு ஒன்றையும் எடுத்து நீட்டினார். மோட்டார் கார்டு. சீல் போட விட்டுப்போயிருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவன் ஸ்டாம்பை எடுத்துவிட்டான்.