முந்நூறு சொல் கடிதம், எழுபது சொல் இடம்

நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஒரு கடிதத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. வந்து சேரும் கடிதமோ பெரும்பாலும் அதைப்போல நான்கைந்து மடங்கு நீளம். இடையில் உள்ளதை வெட்டும் வேலை உதவி ஆசிரியருடையது. மற்ற செய்தியை வெட்டுவதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிருபரின் செய்தி பத்திரிகையின் பெயரில் வெளியாகிறது. கடிதம் எழுதியவரின் பெயரில் வெளியாகிறது. அடியில் இருக்கும் பெயருக்குரியவர் மறுநாள் காலையில் படித்துவிட்டு, 'இது நான் சொன்னதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தஞ்சைப் பகுதியில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழின் கடித மேசையில் இக்கட்டுரையாளர் உட்கார்ந்திருந்தது ஒரு ஜூலை மாதம், 10ஆம் தேதி. காலைத் தபாலில் வந்த உறைகளில் ஒன்று கடைமடை விவசாயி ஒருவருடையது. கோடு போட்ட தாளில் நீல மையில் இரண்டு பக்கம், ஏறக்குறைய முந்நூறு சொல். தேதி ஜூலை 5. அந்த மேசையில் ஒரு கடிதத்துக்கு எழுபது சொல்தான் உச்சவரம்பு.

உதவி ஆசிரியர் முதல் வாசிப்பில் பேனாவை எடுக்கவில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒரே ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் புள்ளி வைத்தார். அது கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வாக்கியம்: வாய்க்காலின் தலைப்பில் உள்ள மண்ணை மட்டுமாவது அள்ளிவிட்டால் போதும் என்பது. கையால் எழுதும் கடிதங்களில் இது வழக்கம்தான். வணக்கம், நலம் விசாரிப்பு, கரிகாலன் கட்டிய கல்லணை, விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று சுற்றி வந்து, தாள் முடியப்போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். மேலிருந்து கீழாக எண்ணி எழுபதாவது சொல்லில் நறுக்கினால், கல்லணைதான் மிஞ்சும்.

கருத்து எதுவென்று தெரிந்த பிறகு வெட்டுவது கடினமில்லை. தலைப்பு மண்ணை அள்ள வேண்டும் என்ற கோரிக்கைக்குத் துணை நிற்காத எதுவும் போகலாம். கல்லணை போயிற்று, முதுகெலும்பு போயிற்று. 'மேட்டூர் அணையில் 120 டி.எம்.சி. இருந்தும்' என்ற சொற்றொடரும் போயிற்று. இதில் ஒரு பிழையும் இருந்தது. மேட்டூருக்கு 120 என்பது அடிக்கணக்கில் சொல்லும் முழு நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. செய்திகளில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்து வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. திருத்தி வைத்திருக்கலாம். ஆனால் அணையில் எவ்வளவு இருந்தது என்பது இவர் வாதத்துக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத தகவலைத் திருத்துவதைவிட நீக்குவது நல்லது. இடமும் மிஞ்சும், இன்னொரு தவறுக்கும் வழியில்லை.

'பொதுப்பணித் துறை' என்று எழுதியிருந்தது வேறு வகை. தமிழ்நாட்டில் 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டது. கிராமத்தில் இன்றும் பழைய பெயர்தான் புழங்குகிறது. யார் மண்ணை அள்ள வேண்டும் என்பது கோரிக்கையின் உயிர். அதனால் இதை நீக்க முடியாது, திருத்தித்தான் ஆக வேண்டும்.

மீதி இரண்டு இடங்களை மேசையில் இருந்தபடி தீர்க்க முடியவில்லை. ஒன்று, 'அணை திறந்தும் இன்னும் எங்கள் பகுதிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை' என்ற வரி. மேட்டூரிலிருந்து ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். கடைமடைக்குப் போக அதற்கும் மேலே பல நாள். கடிதம் எழுதி ஐந்து நாள் ஆகிவிட்டது. எழுதிய நாளில் உண்மையாக இருந்தது அச்சாகும் நாளில் பொய்யாகிவிடலாம். மற்றொன்று, 'ஒப்பந்தக்காரர் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்' என்பது. அவதூறு வழக்கு வந்தால் எழுதியவர் மட்டுமல்ல, ஆசிரியரும் வெளியீட்டாளரும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

உதவி ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். கடிதம் எழுதியது அவர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். அடுத்தவர் பெயரில் கடிதம் போடுகிறவர்கள் உண்டு.

"ஐயா, தண்ணி இன்னும் வரலியா?"

"வந்துடுச்சும்மா, முந்தாநேத்து ராத்திரி. ஆத்துல ஓடுது. ஆனா வாய்க்கால்ல ஏற மாட்டேங்குது."

தலைப்பில் மண் மேடிட்டு, ஆற்றில் போகும் தண்ணீரைவிட உயரமாக நிற்கிறது என்று விளக்கினார். கடிதத்தில் இருந்ததைவிட இது வலுவான செய்தி. தண்ணீர் வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்; வந்த தண்ணீர் ஏறாததற்கு ஒரே காரணம்தான். சரிபார்க்காமல் போட்டிருந்தால், ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் 'சொட்டுத் தண்ணீர் இல்லை' என்று அச்சாகி, துறையினர் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒப்பந்தக்காரர் விஷயத்தில் கேள்வி எளிமையானது: "நீங்க கண்ணால பார்த்தது என்னங்க ஐயா?" பொக்லைன் இரண்டு நாள் வந்தது, பாலம் வரை அள்ளியது, அதற்கு மேற்கே தொடவில்லை என்றார். பணம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. அதனால் பார்த்தது கடிதத்தில் நின்றது, ஊகம் விலகியது. குற்றச்சாட்டின் சூடு குறைந்ததாக அவருக்கு முதலில் ஒரு வருத்தம். பாலம் வரை என்று இடத்தைச் சொன்னால் யாரும் போய்ப் பார்க்கலாமே என்றதும் சம்மதித்தார்.

திருத்திய கடிதம்:

'ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஜூலை முதல் வாரம் கடந்துதான் எங்கள் பகுதி ஆற்றுக்குத் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரும் எங்கள் ஊர் வாய்க்காலில் ஏறவில்லை. வாய்க்காலின் தலைப்பில் மண் மேடிட்டு, ஆற்று நீர் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கிறது. கோடையில் தூர்வார வந்த பொக்லைன், பாலம் வரை வேலை செய்துவிட்டுத் திரும்பியது. பாலத்துக்கு மேற்கே தலைப்பு வரை தொடவில்லை. போர்த் தண்ணீரில் விட்ட நாற்று நடவுக்குக் காத்திருக்கிறது. நீர்வளத் துறையினர் தலைப்பு மண்ணை மட்டுமாவது இப்போதே அள்ளினால், எங்கள் ஊர்க் குறுவை பிழைக்கும்.'

அறுபத்தொரு சொல். முதல் வரைவில் 'எங்கள் ஊர் வாய்க்காலில்' என்பது சுருங்கி 'வாய்க்கால்களில்' என்று ஆகியிருந்தது. இரண்டு சொல் மிச்சம். ஆனால் ஓர் ஊரின் குறை டெல்டா முழுவதன் குறையாகிவிட்டது. சுருக்கும்போது முதலில் பலியாவது இப்படிப்பட்ட சிறு சொற்கள்தான்: 'சில', 'எங்கள்', 'மட்டுமாவது', 'என்று தோன்றுகிறது'. வாக்கியம் அவையில்லாமலும் சரளமாக ஓடும் என்பதால் இழப்பு கண்ணில் படாது. கண்டுபிடிக்க வழி, திருத்தியதைக் கடைசியாக மூலத்தின் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியம் மூலத்தைவிடக் கூடுதலாகச் சொல்கிறது என்று பார்ப்பது. குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். கூடுதலாகச் சொன்னால் கடிதம் எழுதியவர் ஊரில் தலைகாட்ட முடியாது.

'மட்டுமாவது' அவருடைய சொல். அதை உதவி ஆசிரியர் இரண்டு முறை அடித்து இரண்டு முறையும் திரும்ப எழுதினார். 'உரிய நடவடிக்கை எடுக்க ஆவன செய்ய வேண்டும்' என்ற வாடிக்கையான முடிவை ஒட்டவைத்தால் எல்லா ஊர்க் கடிதமும் ஒரே ஆள் எழுதியதுபோல ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

திருத்தியதைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினார். விவசாயி ஒன்றை உறுதிப்படுத்தினார்: மேற்கே என்பது சரிதான், தலைப்பு அந்தப் பக்கம்தான். மாலையில் பக்கம் வடிவமைத்தவர் 'கடைமடையில் வறட்சி' என்று தலைப்பு வைத்திருந்தார். தலைப்பு வைப்பது பத்திரிகை. பழி ஏற்பது எழுதியவர். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வறட்சி ஏது? ப்ரூஃபில் அது 'ஆற்றில் தண்ணீர், வாய்க்காலில் மண்' என்று மாறியது. கையெழுத்துக் கடிதமும் திருத்தங்களோடு கூடிய படியும் ஒன்றாகக் குத்தப்பட்டு, அந்த நாளின் தேதி போட்ட கோப்பில் சேர்ந்தன.